பரோட்டா பார்சலை வைத்து ஒரு குப்பைப் பிரிப்பு வீடியோ: அடுக்கக வாசிகளுக்கு ஸ்கிரிப்ட் எழுதும் முறை

பாளையங்கோட்டை, மகாராஜா நகர், பெருமாள்புரம் பக்கம் இருக்கும் அடுக்ககங்களில் குப்பையைப் பிரிக்கச் சொல்லி வீடியோ எடுக்கும் ஆர்வம் நிறைய சங்கங்களுக்கு உண்டு. எடுத்தும் விடுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் அது ஒருவர் நின்று பேசுகிற வீடியோவாகவே முடிகிறது. குழுவில் போட்டதும் கட்டைவிரல் குறிகள் வரும், மறுநாள் வாளியில் அதே கலப்புதான் இருக்கும்.

இங்கே சொல்லப்போவது இரண்டு நிமிட வீடியோ ஒன்றுக்கு ஸ்கிரிப்ட் எழுதும் வரிசை. ஒரு சின்னக் கதை, ஒரே பொருள், தெளிவான வாளி நிறங்கள். கேமரா ஒரு கைப்பேசிதான். நடிகர்கள் உங்கள் கட்டடத்து ஆட்களே. எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியவைதான் பாதி வேலை என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம்.

1. எழுத உட்காருமுன் வாளிகளைப் போய்ப் பாருங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் முதலில் இணையத்தில் 'பச்சை வாளி படம்' தேடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குப் போய், அங்கே உண்மையில் என்ன நிறத்தில் எத்தனை வாளிகள் இருக்கின்றன என்று பாருங்கள். படத்தில் நீல வாளியும் படிக்கட்டுக்கு அடியில் வெள்ளை வாளியும் இருந்தால், பார்த்தவர் குழம்பி இரண்டையும் கலந்துவிடுவார்.

இந்தக் குழப்பம் கற்பனை இல்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பைக்குப் பச்சை, மறுசுழற்சிக்குப் போவதற்கு வெள்ளை, மற்றவைக்குக் கறுப்பு என்றுதான் சொல்லின. அதன்பின் தூய்மை இந்தியா பிரசாரத்தில் 'பச்சை, நீலம்' என்ற ஜோடி ஊரெங்கும் பரவியது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் வீட்டிலேயே நான்கு வகையாகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் டயப்பர் போன்ற சுகாதாரக் குப்பை, தனிக் கவனம் தேவைப்படும் குப்பை. ஆக, எந்த ஆண்டில் வாளி வாங்கினார்களோ அந்த ஆண்டின் நிறம் உங்கள் கீழ்த்தளத்தில் நிற்கும்.

இந்த வழிகாட்டியில் மக்குவதற்குப் பச்சை, உலர்ந்ததற்கு நீலம், சுகாதாரக் குப்பைக்குச் சிவப்பு, பேட்டரி மருந்து வகைக்குக் கறுப்பு என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் வாளி வேறு நிறம் என்றால் ஸ்கிரிப்டில் நிறத்தை மாற்றுங்கள். அல்லது சங்கத்தில் பேசி முதலில் வாளியை மாற்றிவிட்டு அப்புறம் எழுதுங்கள். இரண்டில் ஒன்று கட்டாயம்.

2. ஒரு காலை குப்பை வண்டியோடு நில்லுங்கள்

மாநகராட்சி வண்டி வரும் நேரத்தில் கீழே இறங்கி, தூய்மைப் பணியாளர் உங்கள் கட்டடத்துக் குப்பையை என்ன செய்கிறார் என்று பாருங்கள். எந்தப் பையை அவர் திறக்கிறார், எதைத் திறக்காமலே ஒதுக்குகிறார், எதைப் பார்த்ததும் முகம் மாறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கதை அந்த முகம் மாறும் இடத்தில்தான் இருக்கிறது.

அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். உலர் குப்பையைத் தினமும் எடுப்பீர்களா, வாரத்தில் குறிப்பிட்ட நாளா? எண்ணெய்த் தாளை எதில் போடச் சொல்கிறீர்கள்? சிரட்டை, நுங்குக் கூடு, இளநீர்க் கூடு இவற்றை மக்கும் குப்பையோடு எடுத்துக்கொள்வீர்களா? கடைசிக் கேள்விக்கு வார்டுக்கு வார்டு பதில் மாறும். சிரட்டை மக்கும் பொருள்தான், ஆனால் வாழைத்தோல் மக்கும் வேகத்தில் மக்காது. உரக்குழியில் மற்றதெல்லாம் உரமான பிறகும் அது அப்படியே கிடக்கும் என்பதால் சில இடங்களில் தனியாக எடுப்பார்கள்.

அவரையே வீடியோவில் நடிக்கக் கேட்கலாம். விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். கையும் குரலும் மட்டும் போதும், அதுவும் வேண்டாம் என்றால் கட்டடத்தில் வேறு யாரையாவது நடிக்க வைக்கலாம். எப்படியானாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அவரைக் கெஞ்சுகிறவராக எழுதாதீர்கள். அவர் வேலை தெரிந்தவர், கதையில் சரியான கேள்வியைக் கேட்பவர்.

3. ஒரே ஒரு பொருளை எடுங்கள்

ஸ்கிரிப்ட் கெடுவதற்கு முதல் காரணம் பட்டியல். காய்கறித் தோல், முட்டை ஓடு, பால் கவர், பழைய செருப்பு, டியூப்லைட் என்று இருபது பொருளைக் காட்டினால் பார்ப்பவர் மனதில் ஒன்றுகூடத் தங்காது. அதோடு, காய்கறித் தோல் எங்கே போகும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. சந்தேகம் வரும் இடம் பல பொருள் ஒன்றாக ஒட்டிக்கிடக்கும்போதுதான்.

நம் ஊரில் அதற்குப் பரோட்டா பார்சலைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. ஒரே பொட்டலத்துக்குள் வாழை இலை, செய்தித்தாள், சால்னா கவர், மிச்சமான வெங்காயம், எல்லாவற்றையும் போட்டுத் தந்த பை. இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டு முடித்த கையோடு அத்தனையையும் அதே பைக்குள் திணித்து ஒரு முடிச்சு போடுவதுதான் வழக்கம். அந்த முடிச்சுதான் நம் கதை.

உங்கள் கட்டடத்தில் பரோட்டா பார்சல் அதிகம் வராது என்றால் அல்வாப் பொட்டலம், பிறந்தநாள் கேக் டப்பா, பூஜை மாலை எதையாவது எடுக்கலாம். விதி ஒன்றே: ஒரு பொருள், அதற்குள் குறைந்தது இரண்டு வாளிக்கான பகுதிகள்.

4. பொருளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள்

கதை எழுதுமுன் இதைச் செய்யாவிட்டால் படப்பிடிப்பின் நடுவில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். ஒரு தாளில் பொருள், வாளி, காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். காரணம் எல்லாம் வீடியோவில் வராது. ஆனால் கேள்வி கேட்கும்போது பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.

வாழை இலையும் மிச்ச உணவும் பச்சைக்குப் போகும். இதில் ஒரு பொறி இருக்கிறது. சில கடைகளில் இலை போலவே பச்சையாக அச்சடித்த, பிளாஸ்டிக் பூசிய தாளில் கட்டித் தருகிறார்கள். கிழித்துப் பாருங்கள். இலை நரம்போடு நேராகக் கிழியும். பூச்சுத் தாள் கிழியும் விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் இழுபடும். அது பச்சை வாளிக்குப் போகக் கூடாது, உரத்தில் பிளாஸ்டிக் துணுக்காகவே மிஞ்சும். படப்பிடிப்புக்கு நிஜ வாழை இலை பார்சலே வாங்குங்கள்.

செய்தித்தாள்தான் சண்டை வரும் இடம். 'தாள் மக்குமே, பிறகு ஏன் நீலம்?' என்று ஒருவர் கேட்பார். நல்ல கேள்வி. காய்ந்த தாளை மறுபடியும் தாளாக்கலாம், பழைய பேப்பர் கடையில் விலை உண்டு, அதனால் நீலம். எண்ணெய் குடித்த தாளை அப்படி ஆக்க முடியாது, கூழாக்கும்போது எண்ணெய் கெடுக்கும். அது உணவோடு சேர்ந்து மக்கட்டும் என்று கிழித்துப் பச்சையில் போடுவது வழக்கம். உங்கள் பணியாளர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே ஸ்கிரிப்டில் வையுங்கள்.

சால்னா கவர் நீலத்துக்குப் போகும், ஆனால் அலசிக் காயவைத்த பிறகு. காரணம் இரண்டு. உலர் குப்பை தினமும் எடுக்கப்படாத இடங்களில் அந்தக் கவர் உங்கள் வீட்டிலேயே சில நாள் இருக்கும், நாறும், எறும்பு வரும். அதைவிட முக்கியமானது, ஒரு சால்னா கவர் பக்கத்தில் இருக்கும் சுத்தமான தாளையெல்லாம் நனைத்துவிடும். பிறகு அந்த வாளி முழுவதும் விலை போகாத குப்பைதான். அலச நல்ல தண்ணீர் வேண்டாம், பாத்திரம் கழுவிய தண்ணீரே போதும். இதை வீடியோவில் காட்டியே ஆக வேண்டும். இல்லையென்றால் 'தாமிரபரணித் தண்ணீரைக் குப்பைக்கு ஊற்றச் சொல்கிறார்கள்' என்று குழுவில் யாராவது எழுதுவார்கள்.

வெளிப் பையும் அப்படித்தான், உதறிக் காயவைத்து நீலம். கட்டிய நூலைப் பற்றி விவாதம் வேண்டாம். கதையிலிருந்தே தூக்கிவிடுங்கள்.

இன்னொன்று. கேரி பையும் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. 'அதையும் சொல்லிவிடலாமே, கடைக்குத் தூக்குவாளி கொண்டு போகச் சொல்லலாமே' என்று சங்கத்தில் ஒருவர் நிச்சயம் கேட்பார். நியாயமான பேச்சு, ஆனால் வேறு வீடியோ. வாங்காதே என்பதையும் வாங்கியதைப் பிரி என்பதையும் ஒரே இரண்டு நிமிடத்தில் சொன்னால் இரண்டும் நிற்காது.

5. கதைக்கு ஒரு முடிச்சு போதும்

குப்பைக் கதை என்றதும் பலரும் பெரிதாக யோசிக்கிறார்கள். பிளாஸ்டிக் தின்று மாடு சாகிறது, குழந்தைக்கு நோய் வருகிறது, ஊரே மாறிவிடுகிறது. இரண்டு நிமிடத்தில் அது நம்பும்படி வராது, பார்ப்பவரும் 'நம்ம வீட்டுல அப்படி இல்லப்பா' என்று தள்ளிவிடுவார்.

நமக்குத் தேவை ஒரு சின்னக் கேள்வி: இரவு போட்ட முடிச்சை காலையில் யார் அவிழ்ப்பது? போட்டவனே அவிழ்க்க வேண்டி வந்தால் என்ன ஆகும்? கட்டி வைத்த பைக்குள் காற்று போகாது, அதனால் ஒரே இரவில் நாற்றம் வைத்துவிடும். இது எல்லோருக்கும் தெரிந்த அனுபவம். பயமுறுத்தாமலே புரியும்.

பாத்திரங்கள் மூன்று பேர். ஆச்சி, பேரன் இசக்கி, தூய்மைப் பணியாளர் அக்கா. எல்லாம் தெரிந்த ஒருவர் தெரியாத ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கும் அமைப்பு வேண்டாம். ஆச்சிக்கே எல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, போட்டவன்தான் அவிழ்க்க வேண்டும் என்பது மட்டும். வாளி எது என்று அக்காவுக்குத் தெரியும். கையால் செய்கிறவன் இசக்கி. இப்படிப் பங்கு பிரித்தால் யாரும் பிரசங்கம் செய்ய இடமிருக்காது.

6. நிறத்தைக் காட்டும் முறை

கதையைவிட இந்தப் பகுதியில்தான் அதிகம் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் விதி, தவறான பொருள் நிற வாளிக்குள் விழுவதை ஒருபோதும் காட்டாதீர்கள். 'இப்படிப் போடக் கூடாது' என்று சொல்லி சால்னா கவரைப் பச்சை வாளியில் போட்டு, மேலே சிவப்புப் பெருக்கல் குறி வைப்பார்கள். பாதி பேர் வீடியோவை ஒலியில்லாமல் பார்க்கிறார்கள், பாதியில் தள்ளிவிடுகிறார்கள். அவர்கள் மனதில் தங்குவது கவர் பச்சை வாளிக்குள் விழும் படம்தான். தவற்றைக் காட்ட வேண்டுமா, முடிச்சைக் காட்டுங்கள். வாளிக்குள் விழுவது எல்லாமே சரியானதாக இருக்கட்டும்.

இரண்டாவது, வாளிகளின் வரிசை மாறக் கூடாது. இடது பக்கம் பச்சை, வலது பக்கம் நீலம் என்றால் வீடியோ முழுக்க அப்படியே. கேமராவை எதிர்ப்பக்கம் கொண்டு போனால் இடம் வலம் மாறிவிடும், எனவே கேமரா எப்போதும் வாளிகளின் ஒரே பக்கத்தில் நிற்கட்டும். உங்கள் கீழ்த்தளத்தில் வாளிகள் நிற்கும் வரிசையும் இதுவாகவே இருந்தால் இன்னும் நல்லது. சிலருக்கு, குறிப்பாக ஆண்களில் சிலருக்கு, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நிறம் தெரியாதவருக்கு இடம் தெரிய வேண்டும். அதோடு வாளியின் மேல் ஒரு பெரிய படமும் வேண்டும்: பச்சையில் இலை, நீலத்தில் மடித்த தாள், சிவப்பில் சுற்றிய பொட்டலம், கறுப்பில் பேட்டரி.

மூன்றாவது, பச்சையும் நீலமும் வாளிகளுக்கு மட்டுமே சொந்தம். ஆச்சி பச்சைச் சேலையில் வரக் கூடாது, இசக்கி நீலச் சட்டை போடக் கூடாது. சுவர் பச்சையாக இருந்தால் இடத்தை மாற்றுங்கள். திரையில் எங்கே பச்சை தெரிந்தாலும் அது வாளியாக மட்டும் இருந்தால், கண் தானாக அங்கே போகும். எழுத்துக்கும் வெள்ளையும் மஞ்சளும் போதும்.

நான்காவது வெளிச்சம். படிக்கட்டு அடியில் இருட்டில் எடுத்தால் நீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். மஞ்சள் விளக்கில் நிறங்கள் திரிந்துவிடும். இரவுக் காட்சியில் வாளி வந்தே ஆக வேண்டும் என்றால் வீட்டு அடுப்படியில் வெள்ளை விளக்கில் எடுங்கள். கீழ்த்தளக் காட்சியைக் காலை வெளிச்சத்தில் எடுப்பதே நல்லது.

ஐந்தாவது வரிசை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி: முதலில் வாளி திரையில் தெரியும், பிறகு பொருள், பிறகு நிறத்தின் பெயர் காதில் விழும், பிறகு பொருள் வாளிக்குள். பொருள் விழுந்த பிறகு நிறத்தைச் சொன்னால் பார்ப்பவர் பின்னோக்கி யோசிக்க வேண்டியிருக்கும். நிறத்தைச் சொல்லும்போது 'பச்சை' என்று மட்டும் சொல்லுங்கள். 'மக்கும் தன்மையுள்ள கழிவுகளுக்கான பச்சை நிறத் தொட்டி' என்றால் அந்த வாக்கியம் முடிவதற்குள் இலை விழுந்து ஆறிவிடும்.

7. முழு ஸ்கிரிப்ட்

எழுதும்போது 'படம்' முதலில், 'ஒலி' பிறகு. படத்தில் ஏற்கெனவே தெரிவதை ஒலியில் திரும்பச் சொல்ல வேண்டாம். பேச்சு நம் ஊர்ப் பேச்சாகவே இருக்கட்டும். எழுத்துத் தமிழில் ஆச்சி பேசினால் அரசு விளம்பரம் போல ஆகிவிடும்.

காட்சி 1. இரவு, வீடு. 15 விநாடி.

படம்: மேலிருந்து பார்க்கும் கோணம். பிரித்த பரோட்டா பார்சல். இலையில் வெங்காயத் துண்டுகள், எண்ணெய் ஊறிய தாள், அடியில் சால்னா தேங்கிய கவர். இசக்கியின் கைகள் எல்லாவற்றையும் பைக்குள் திணித்து இறுக்கி முடிச்சு போடுகின்றன. முடிச்சு திரை நிறையத் தெரிகிறது.

ஆச்சி: ஏலே இசக்கி, என்னத்தலே போட்டு முடியுத?

இசக்கி: எல்லாம் குப்பதான ஆச்சி. காலையில அக்கா வந்து எடுத்துக்கிடுவாவ.

காட்சி 2. காலை, கீழ்த்தளம். 25 விநாடி.

படம்: இடது பச்சை, வலது நீலம், பின்னால் வெளிர் சுவர். இசக்கி பையை நீட்டுகிறான். அக்காவின் கையுறைக் கை வாங்கவில்லை.

அக்கா: தம்பி, இந்த முடிச்ச நான் அவுக்கணுமா, நீயே அவுக்கியா?

படம்: இசக்கி திரும்பி ஆச்சியைப் பார்க்கிறான்.

ஆச்சி: போட்டவந்தான் அவுக்கணும். அவுலே.

படம்: முடிச்சு மெதுவாக அவிழ்கிறது. பைக்குள்ளிருந்து எறும்பு வரிசை. இசக்கி மூக்கைப் பொத்துகிறான்.

இசக்கி: யம்மாடி, என்ன நாத்தம்!

அக்கா: ஒரு ராத்திரிதான தம்பி ஆகியிருக்கு.

காட்சி 3. அதே இடம். 45 விநாடி.

படம்: பச்சை வாளி திரையில். இசக்கியின் கையில் இலை.

அக்கா: இலையும் சோறும் பச்ச.

படம்: இலை விழுகிறது. அரை விநாடி நிறுத்தம். இப்போது கையில் எண்ணெய்த் தாள், பின்னால் பச்சை வாளி.

இசக்கி: தாளு?

அக்கா: எண்ணெய் குடிச்ச தாளு பச்ச. காஞ்ச தாளுன்னா நீலம்.

படம்: எண்ணெய்த் தாள் கிழிந்து பச்சையில் விழுகிறது. அடுத்து ஆச்சியின் கையிலிருந்த காய்ந்த செய்தித்தாள் நீலத்தில் விழுகிறது. இசக்கியின் கை சால்னா கவரோடு நீலத்தை நோக்கி நகர்கிறது. ஆச்சி அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். கவர் வாளியைத் தொடவில்லை.

ஆச்சி: சால்னாவோடயா போடப் போற?

அக்கா: பாத்திரம் கழுவுன தண்ணியில ஒரு அலசு அலசுங்க ஆச்சி, போதும்.

படம்: வீட்டு அடுப்படி. பாத்திரம் கழுவிய தண்ணீரில் கவர் அலசப்படுகிறது. கொடியில் கிளிப் போட்டுத் தொங்குகிறது. காய்ந்த கவர் நீல வாளிக்கு மேல்.

இசக்கி: காஞ்சா நீலம்.

படம்: கவர் விழுகிறது.

காட்சி 4. மறுநாள் இரவு, வீடு. 20 விநாடி.

படம்: முதல் காட்சியின் அதே மேல்கோணம், அதே பார்சல். இடது ஓரத்தில் வீட்டுப் பச்சை வாளி, வலது ஓரத்தில் நீல வாளி. இலை, எண்ணெய்த் தாள் பச்சைக்கு. கவரும் பையும் அலசி, கொடிக்கு. மேசை காலி. பேச்சு இல்லை, ஒவ்வொரு பொருளும் விழும் சத்தம் மட்டும்.

ஆச்சி: இன்னைக்கு முடிச்சு எங்கலே?

இசக்கி: அவுக்க ஒண்ணும் இல்ல ஆச்சி.

காட்சி 5. அட்டை. 15 விநாடி.

படம்: நான்கு வாளிகள் வரிசையாக, மேலே படங்கள். பச்சை: உணவு, இலை, பூ. நீலம்: காய்ந்த தாள், அலசிய பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம். சிவப்பு: நாப்கின், டயப்பர், தாளில் சுற்றி. கறுப்பு: பேட்டரி, பல்பு, காலாவதி மருந்து. கீழே உங்கள் கட்டடத்தில் உலர் குப்பை எடுக்கும் நாளும் வண்டி வரும் நேரமும்.

கடைசி அட்டையைப் பதினைந்து விநாடி வைப்பதற்குக் காரணம், அதைத்தான் ஆட்கள் படமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அவசரமாக ஓடினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

8. சிவப்பையும் கறுப்பையும் இந்தக் கதைக்குள் இழுக்காதீர்கள்

நான்கு வாளியும் ஒரே கதையில் வர வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களிடம் விட்டுக்கொடுக்க வேண்டாம். அட்டையில் வந்தால் போதும். சிவப்புக்குத் தனியாக ஒரு நிமிட வீடியோ எடுங்கள். நாப்கினைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு வட்டம் போடுவதைக் கைகள் மட்டும் காட்டினால் போதும். வட்டம் எதற்கென்றால், பிரிக்கிறவர் அதைத் திறந்து பார்க்கத் தேவையில்லை என்று தெரிந்துகொள்வதற்கு. 'அந்த மாதிரி பொருட்கள்' என்று சுற்றி வளைக்காமல் நாப்கின் என்றே சொல்லுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டதால்தான் அது பச்சை வாளிக்குள் போகிறது.

கறுப்பில் ஒன்றை மட்டும் சேர்த்துக் காட்டுங்கள். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் இல்லாத அடுக்ககம் இருக்காது. அந்த ஊசியைக் கவரில் போட்டால் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, மூடி இறுக்கிக் கொடுக்க வேண்டும்.

9. எடுக்குமுன் இரண்டு சோதனை

முதலில் ஸ்கிரிப்டைச் சத்தமாக, நடிக்கிற வேகத்தில் வாசித்து கடிகாரத்தைப் பாருங்கள். கண்ணால் வாசிக்கும்போது ஒரு நிமிடம் போலத் தோன்றுவது வாய்விட்டுப் பேசும்போது இரண்டாகும். நேரம் மீறினால் காட்சி 2இல் வெட்டுங்கள், காட்சி 3இல் கைவைக்காதீர்கள். நாற்றத்தைக் குறைத்தாலும் கதை புரியும். அலசுவதைக் குறைத்தால் வேலை கெட்டுவிடும்.

அடுத்து, கைப்பேசியில் வேகமாக ஒரு மாதிரிப் படம் எடுத்து, ஒலியை நிறுத்திவிட்டு, கதை தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். முடிந்ததும் 'புரிந்ததா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். நிஜப் பார்சல் ஒன்றைக் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். எந்தப் பகுதியில் கை தயங்குகிறதோ அந்த ஷாட் சரியில்லை என்று பொருள். பெரும்பாலும் எண்ணெய்த் தாளில்தான் தயங்கும். அப்போது அந்த ஷாட்டில் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டுங்கள். எண்ணெய் ஊறிய இடம் வெளிச்சத்தில் கண்ணாடி போலத் தெரியும். வசனம் கூட்டத் தேவையில்லை.

10. படப்பிடிப்பிலும் அதற்குப் பிறகும்

கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தே எடுங்கள், பார்ப்பவர்களும் அப்படித்தான் பிடித்துப் பார்ப்பார்கள். நான்கு வாளி அட்டை மட்டும் அகலமானது, அதை இரண்டு மேலே இரண்டு கீழே என்று அடுக்கிக்கொள்ளுங்கள். அப்போதும் பச்சை இடதில், நீலம் வலதில் இருக்கட்டும்.

மூன்று பார்சலாவது வாங்கி வையுங்கள். முதல் முறை திணித்த இலை கிழிந்துவிடும், மறுபடி எடுக்க முடியாது. நாற்றக் காட்சிக்கு ஒன்றை முந்தின இரவே கட்டி வைத்தால் இசக்கி நடிக்கவே வேண்டாம்.

பச்சை வாளிக்குள் பிளாஸ்டிக் பை விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள். சொல்வது ஒன்று, திரையில் தெரிவது ஒன்று என்று ஆகிவிடும். அடியில் ஒரு செய்தித்தாள் மடித்து வைத்தால் வாளி கழுவும் வேலையும் குறையும்.

குழுவில் அனுப்பும் நேரமாக இரவு எட்டு மணியைத் தேர்ந்தெடுங்கள், பார்சல் வீட்டுக்கு வரும் நேரம் அது. அனுப்பும் அன்றே அதே நான்கு படங்களைத் தாளில் அச்சடித்துக் கீழ்த்தள வாளிகளில் ஒட்டிவிடுங்கள். பிறகு ஒரு வாரம் கழித்து காலையில் இறங்கி, அக்காவோடு நின்று, எத்தனை பை முடிச்சோடு வருகிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை குறையவில்லை என்றால் அந்த முடிச்சுகளைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது பரோட்டா பார்சல் இல்லை, பூஜைப் பூவும் அகர்பத்தி டப்பாவும் என்றால், அடுத்த ஸ்கிரிப்டுக்கான பொருள் அதுதான்.